கல்யாணத் தேதி தள்ளிப்போகும்போது அழைத்தவர்களுக்கு எப்படிச் சொல்வது?

என் தங்கை கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முகூர்த்தம் ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்த அந்தப் பத்திரிகை நோட்டு ஞாபகம் வந்தது. மொத்தம் 412 குடும்பங்கள். அத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கல்யாணம் பேசவும் நடத்தவும் தெரிந்த பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. கல்யாணத்தைத் தள்ளிவைத்த அனுபவம் உள்ளவர்கள் குறைவு.

அந்த ஒரு வாரத்தில் சரியாகச் செய்தவை, தவறாகச் செய்துவிட்டு வருந்தியவை இரண்டையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்தப் பொறுப்பு முதன்முறையாகத் தலையில் விழுந்தவர்களுக்காக எழுதுவது இது. பெண் வீட்டுக்காரனாக நான் பார்த்தது என்றாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

முதலில் முடிவு, பிறகுதான் தகவல்

யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவே "கல்யாணம் நடக்குமா?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். "தெரியலை, பார்க்கணும்" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, "நடக்கும்" என்று இன்னொருவர் சொல்ல, அந்த இரண்டு பதிலும் ஊருக்குள் மோதிக்கொள்ளும். முடிவெடுக்கும்வரை வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வது நல்லது: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்த்துட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம்." எப்போது சொல்வோம் என்ற நேரம் அந்தப் பதிலில் இருப்பதால், கேட்டவர்கள் காத்திருப்பார்கள்.

டாக்டரிடம் நாங்கள் முதலில் கேட்டது, "எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" ஐந்தாறு நாளில் போகலாம் என்றார். உடனே பெரியப்பா, "அப்போ 13-ஆம் தேதியே நடத்திடலாம்" என்றார். மறுபடி உள்ளே போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "அன்னைக்கு இரண்டு மணி நேரம் மணவறையில் உட்கார முடியுமா? ஆயிரம் பேர் கூட்டத்தில் இருக்கலாமா? கை தூக்கித் தாரை வார்க்க முடியுமா?" மூன்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. டிஸ்சார்ஜ் தேதியை வைத்து முகூர்த்தத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அடுத்த பரிசோதனை எப்போது, அதில் என்ன தெரியும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கும் நாள் அதுதான்.

சில வீடுகளில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டு, வரவேற்பைப் பிறகு வைத்துக்கொள்வார்கள். நோயாளியே அப்படி நடக்கட்டும் என்று ஆசைப்பட்டால், குறிப்பாக நோய் கடுமையாக இருந்தால், அது நல்ல முடிவுதான். எங்கள் அப்பாவுக்குப் பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தது. அவரிடமே கேட்டோம். "நான் நிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு வேறு யோசனைக்கு இடமில்லை.

சம்பந்தி வீட்டாரிடம் ஒரு முழு உரையாடல்

முடிவை ஒரு வீட்டார் எடுத்து இன்னொரு வீட்டாருக்குத் தெரிவிப்பதாக இருக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை மாமாவும் நானும் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்தோம். அவர்கள் மதுரை. நேரில் போக நேரமில்லை, அதனால் வீடியோ அழைப்பில் பேசினோம். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி, "நீங்க என்ன நினைக்கிறீங்க சம்பந்தி?" என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் இல்லாம எங்களுக்கு மட்டும் என்ன கல்யாணம்? உடம்பு தேறட்டும், நாங்க காத்திருக்கோம்" என்றார்.

அந்த அழைப்பிலேயே நான்கு விஷயங்களை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் அனுப்பப்போகும் செய்தி சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் கீழே இரு வீட்டார் பெயரும் வர வேண்டும். நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதில் ஒத்துப்போக வேண்டும். எந்த நேரத்திலிருந்து வெளியே சொல்லத் தொடங்குவது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன்கள், பகல் ஒரு மணிக்கு வாட்ஸ்அப் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டால் மறுபக்கத்து உறவினர்கள், "உங்க சம்பந்தி வீட்ல ஏதோ சொல்றாங்களே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் வதந்தி முளைக்கிறது.

"நின்றுபோனது" என்ற வார்த்தை

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். "கல்யாணம் தள்ளிப்போயிருக்கு" என்பதும் "கல்யாணம் நின்னுபோச்சு" என்பதும் நம் ஊரில் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதைக் கேட்டவர், யார் மேல் தவறு, பணத்தகராறா, ஜாதகமா, வேறு ஏதாவதா என்று யோசிக்கத் தொடங்குவார். அதன் பாரம் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழும். எனவே நாம் அனுப்பும் செய்தியில் "ரத்து", "நிறுத்தம்", "நிறுத்தி வைக்கப்படுகிறது" என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது.

நான் முதலில் எழுதிய வரைவு இது:

> தவிர்க்க முடியாத காரணங்களால் 13.07 அன்று நடைபெறவிருந்த திருமணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.

பார்ப்பதற்கு மரியாதையாகத்தான் இருந்தது. அத்தை படித்துவிட்டு, "இதைப் படிச்சா நானே சந்தேகப்படுவேன்டா" என்றார். "தவிர்க்க முடியாத காரணங்கள்" என்றால் சொல்ல முடியாத காரணம் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். காரணத்தைச் சொல்லிவிட வேண்டும், சம்பந்தம் உறுதியாக இருக்கிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் தெளிவாக எழுத வேண்டும். கடைசியில் அனுப்பியது இது (பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்):

> அன்புடையீர், வணக்கம்.
>
> ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்த எங்கள் இல்லத் திருமணம் வேறொரு நல்ல நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மணமகளின் தந்தையார் உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார். அவர் உடனிருந்து நடத்திவைக்க வேண்டும் என்பது இரு வீட்டாரின் விருப்பம். அதனால் இரு வீட்டாரும் கலந்து பேசி இந்த முடிவை எடுத்துள்ளோம்.
>
> அவர் நலம் பெற்றதும் புதிய தேதியை நாங்களே உங்களுக்குத் தெரிவித்து, மீண்டும் அழைப்போம். 13-ஆம் தேதிக்காகப் பயண ஏற்பாடு செய்திருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.
>
> மருத்துவர் ஓய்வு தேவை என்று சொல்லியிருப்பதால், நேரில் பார்க்க வருவதைச் சில நாட்கள் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விவரங்களுக்கு மணமகள் வீட்டில் (பெயர், எண்), மணமகன் வீட்டில் (பெயர், எண்).
>
> இப்படிக்கு,
> இரு வீட்டார்

பழைய தேதி முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. பலர் முதல் இரண்டு வரிதான் படிப்பார்கள், அவர்களுக்கும் செய்தி போய்ச்சேர வேண்டும். "இரு வீட்டாரின் விருப்பம்", "இரு வீட்டாரும் கலந்து பேசி" என்று இரண்டு முறை வருவதும் வேண்டுமென்றே எழுதியதுதான்.

நோயின் பெயரை எழுதவில்லை. வந்தது பக்கவாதம் என்று நெருங்கிய சொந்தங்களுக்குத் தெரியும், அது வேறு. எழுத்தில் போட்டு நானூறு வீட்டுக்கு அனுப்பினால், அது பாட்டி வைத்தியம், பரம்பரை நோயா என்ற விசாரணை, "எங்க பக்கத்து வீட்லயும் இப்படித்தான்" என்ற கதைகள் என்று திரும்பி வரும். குணமான பிறகும் அப்பா அந்தப் பெயரோடு கல்யாணத்தில் நிற்க வேண்டியிருக்கும். எவ்வளவு சொல்லலாம் என்பதை, பேச முடிகிற நிலையில் இருந்தால், நோயாளியிடமே கேளுங்கள். "உடம்பு சரியில்லைன்னு போடு, போதும்" என்றார் அப்பா.

பத்திரிகையின் படத்தையே எடுத்து அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "தள்ளிவைப்பு" என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குலதெய்வத்தின் பெயரும் மணமக்கள் பெயரும் இருக்கும் தாள் அது. அதன் மேல் அடித்தல் போட்டுப் பார்த்தால் வீட்டுப் பெரியவர்கள் மனம் நொந்துபோவார்கள்.

பத்திரிகை வைத்தவரே சொல்ல வேண்டும்

தாம்பூலத் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போய், குங்குமம் கொடுத்து அழைத்தது யாரோ, அவர்தான் தள்ளிப்போன செய்தியையும் சொல்ல வேண்டும். எல்லாரையும் நானே கூப்பிடுகிறேன் என்று உட்காராதீர்கள். உங்களாலும் முடியாது, எதிரிலிருப்பவருக்கும் உங்களை யாரென்று தெரியாது.

பத்திரிகை நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அழைத்தவர் பெயரை எழுதினோம். பிறகு போனில் சொல்ல வேண்டியவர்கள், செய்தி அனுப்பினால் போதும் என்பவர்கள் என்று பிரித்தோம். 412 குடும்பங்களில் போன் பட்டியலில் வந்தவை சுமார் 90. ஆறு பேர் பிரித்துக்கொண்டதால் ஆளுக்குப் பதினைந்துதான். ஒரு அழைப்புக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது, ஏனென்றால் கேட்பவர் அழுவார், ஆறுதல் சொல்வார், நாமும் உடைந்துபோவோம். மூன்று பேரிடம் பேசிவிட்டுத் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தொடருங்கள்.

முதல் வரிசை தாய்மாமன்கள், சித்தப்பா பெரியப்பாக்கள், அத்தைகள். "எனக்கு வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரியும்" என்று ஒரு தாய்மாமன் சொல்ல நேர்ந்தால் அது அடுத்த தலைமுறை கல்யாணம்வரை பேசப்படும். ஒரே ஊரில் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு யாராவது ஒருவர் நேரில் போய்விடுவதே நல்லது. அவர்களோடு சேர்த்தே, அதே காலையில், வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் டிக்கெட் எடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். ரயில் டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்கிறார்களோ அவ்வளவு குறைவாகத்தான் பிடிப்பார்கள். நாம் ஒரு நாள் தாமதித்தால் அவர்கள் பணம் போகும்.

போனில் என்ன சொல்வது என்று என் தம்பி தடுமாறினான். அவனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "மாமா, நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். இப்போ பரவாயில்லை, டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார். அதனால 13-ஆம் தேதி கல்யாணத்தை இரண்டு வீட்டாரும் பேசித் தள்ளி வெச்சிருக்கோம். அப்பா எழுந்ததும் தேதி பார்த்து நாங்களே வந்து அழைக்கிறோம்." அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்பதைக் கல்யாணச் செய்திக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். "கல்யாணம் தள்ளிப்போச்சு மாமா" என்று ஆரம்பித்தால் கேட்பவர் அடுத்த நொடி மரணச் செய்தியை எதிர்பார்த்து நடுங்குவார். தம்பி முதல் அழைப்பில் அப்படித்தான் ஆரம்பித்தான். மறுமுனையில் பெரியத்தை அலறிய சத்தம் எனக்கே கேட்டது.

பேசி முடித்ததும் நோட்டில் குறியுங்கள். எடுக்காதவர்களுக்கு வட்டம் போட்டுச் சாயங்காலம் மறுபடி கூப்பிடுங்கள். இரண்டு முறை எடுக்காவிட்டால் அந்த ஊரில் இருக்கும் இன்னொருவரிடம் சொல்லி அனுப்பி, "சொல்லியாச்சா?" என்று அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வயதானவர்கள்தான் இதில் விட்டுப்போகிறவர்கள். அவர்கள்தான் முதல் நாளே பஸ் ஏறி வருகிறவர்களும்.

வாட்ஸ்அப்பில் கவனிக்க வேண்டியவை

மீதமுள்ள குடும்பங்களுக்கு நான் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினேன். அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அதற்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச்சேரும். அப்பாவின் நண்பர்கள் பலரிடம் என் எண் இருக்காது, அப்பாவின் எண்தான் இருக்கும். மாலையில் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தவர்களைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அவர்களுக்கு அப்பாவின் போனிலிருந்து தனித்தனியாக அனுப்பினோம்.

எழுத்தாகவும் அனுப்புங்கள், அதே வாசகத்தைப் படமாகவும் அனுப்புங்கள். ஃபார்வேர்ட் செய்கிறவர்கள் எழுத்திலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து அனுப்புவார்கள். படமாக இருந்தால் காரணமும் இரு வீட்டார் பெயரும் சேர்ந்தே போகும்.

கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த குரூப் இருக்குமே, அதன் பெயரில் தேதி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எங்கள் குரூப்பின் பெயர் "ஜூலை 13 டும் டும் டும்". ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்த தங்கையின் போன் திரையில் ஒவ்வொரு செய்திக்கும் அந்தப் பெயர் மின்னிக்கொண்டிருந்ததை ஞாயிற்றுக்கிழமை இரவுதான் பார்த்தேன். தள்ளிவைப்புச் செய்தியை அந்த குரூப்பில் பின் செய்து வையுங்கள், 30 நாள்வரை மேலேயே நிற்கும். அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். அன்பினால்தான் எழுதுகிறார்கள் என்றாலும், ஐம்பது பிரார்த்தனைக் குறிகளும் பதினைந்து மருத்துவ யோசனைகளும் வந்து முக்கியமான செய்தியை அமுக்கிவிடும்.

மண்டபமும் மற்றவர்களும்

இவர்களோடு பணம் பற்றிப் பேசுவது தனிக் கதை. "கேன்சல்" என்று சொல்லாமல் "தேதி மாற்றம்" என்று கேளுங்கள், அட்வான்ஸை வேறு தேதிக்கு வைத்துக்கொள்ளப் பல மண்டபங்களில் சம்மதிப்பார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேளக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர் மூவருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். முகூர்த்த நாட்கள்தான் அவர்களுடைய வருமானம். ஒரு வாரம் கையில் இருந்தால் மேளக்காரர் வேறு வேலை பிடித்துக்கொள்ள முடியும், சமையல்காரரும் மளிகை வாங்குவதற்குள் நிறுத்திக்கொள்வார்.

ஆனால் அழைத்தவர்கள் விஷயத்தில் மண்டபத்துக்கு இன்னொரு பங்கு இருக்கிறது. செய்தி கேட்டுச் சந்தேகப்படுகிறவர்கள் நம்மைக் கேட்கக் கூச்சப்பட்டு, பத்திரிகையில் இருக்கும் மண்டபத்து எண்ணுக்குப் போன் செய்வார்கள். அங்கே அலுவலகத்தில் இருந்தவர் என் சித்தப்பாவின் நண்பரிடம், "அந்தக் கல்யாணம் கேன்சல் ஆயிடுச்சு சார்" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய கணக்கில் அது வெறும் கேன்சல்தான், தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை இரண்டு ஊர் தாண்டிச் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு நேரில் போய், யாராவது கேட்டால் "தேதி மாறியிருக்கு, பெண்ணோட அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த எண்ணுக்குப் பேசுங்க" என்று சொல்லும்படி ஒரு சீட்டு எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சடங்குகள் தொடங்கிவிட்டிருந்தால், அதாவது பந்தக்கால் நட்டோ காப்புக் கட்டியோ இருந்தால், நீங்களாகவே எதையும் பிடுங்கவோ அவிழ்க்கவோ வேண்டாம். வழக்கம் குலத்துக்குக் குலம் வேறு. புரோகிதரையோ பூசாரியையோ கேட்டுச் செய்யுங்கள். தேவாலயத்தில் ஓலை வாசித்திருந்தால் பங்குத் தந்தையிடம் உடனே சொல்லுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்திருப்பவர்கள் நாட்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்கவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும், புதிதாகக் கொடுக்க வேண்டும்.

புதுத் தேதியை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்

ஆனி முடியப் போகிறது, ஆடி வந்துவிட்டால் ஒரு மாதம் பேச்சே இல்லை என்பதால் எங்கள் வீட்டில் பெரிய நெருக்கடி. ஜோசியர் ஆவணியில் இரண்டு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். "தேதியைச் சேர்த்துப் போட்டால்தான் மரியாதை" என்றார் பெரியப்பா. அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. புதுத் தேதியோடு வரும் செய்திக்கு வதந்தி பயம் குறைவு. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு முறை தள்ளிப்போனால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். அந்தத் தேதியும் தள்ளிப்போனால் யாருக்கு எப்படிச் சொல்வது? டாக்டர் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார். அதுவரை தேதியைப் பற்றி யார் கேட்டாலும், "ஆகஸ்ட் கடைசியில் டாக்டரைப் பார்த்த பிறகு சொல்றோம்" என்பதே எங்கள் பதில்.

இடையில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மூன்று வாரம் மௌனமாக இருந்தால் அந்த இடைவெளியை ஊர் நிரப்பிவிடும். அப்பா வீட்டுக்கு வந்ததும் நாலு வரி அனுப்பினோம்: வீடு திரும்பிவிட்டார், பயிற்சி எடுக்கிறார், உங்கள் அன்புக்கு நன்றி, தேதி முடிவானதும் சொல்கிறோம். அதில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போனதையும் ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு, கல்யாணம் நடக்குமா என்று கேட்டு வந்த போன்கள் நின்றன.

அன்று நாலைந்து பேர் ஜூலை 13-க்கான மொய்யை ஜிபேயில் அனுப்பிவிட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பினால் மனம் கோணுவார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "கல்யாணத்து மொய் நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வெக்கிறேன்" என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தோம்.

பழைய முகூர்த்த நாளன்று

எவ்வளவு சொன்னாலும் யாராவது வருவார்கள். அதற்காக அன்று காலை ஐந்தரை மணியிலிருந்து பத்து மணிவரை மண்டப வாசலில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அதே நாளில் அங்கே வேறு கல்யாணம் வைத்துவிட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். வந்தவர் உள்ளே போய் யாரென்று தெரியாத கூட்டத்தில் முழித்து நிற்கும் நிலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நானே நின்றேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர், எழுபதைத் தாண்டியவர், கையில் ஒரு மஞ்சள் பையோடு கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே "சொல்லியாச்சு" என்று இருந்தது. அவர் மருமகளிடம் சொல்லியிருக்கிறோம், மருமகள் அவரிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஆளு எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்டார், வேறு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்து ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பஸ் ஏற்றிவிட்டேன். வரப்போகிறவர்களுக்கு டிபனுக்கும் திரும்பிப்போகும் வண்டிச் செலவுக்கும் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று வாசலிலிருந்தே அனுப்பிவிடக் கூடாது.

வேறு யாரோடாவது பேசிவிட்டு "சொல்லியாச்சு" என்று குறித்தவற்றுக்கு நோட்டில் வேறு அடையாளம் போட்டிருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது. அவற்றை முதல் நாள் சனிக்கிழமையே மறுபடி ஒரு சுற்று கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார்.

மீண்டும் அழைக்கும்போது

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். அப்பா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். புரட்டாசியை விட்டு, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இரு வீட்டாரும் பார்த்தோம். செப்டம்பர் நடுவிலேயே எல்லோருக்கும் தேதியைச் சொல்லிவிட்டோம், அதற்குக் காரணம் ரயில். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஒரு முறை டிக்கெட்டை ரத்து செய்து பணம் இழந்தவர்களுக்கு, முன்பதிவு திறக்கும் காலையிலேயே எடுக்கும் வசதியாவது கிடைக்க வேண்டும்.

பழைய பத்திரிகையில் தேதியைப் பேனாவால் திருத்திக் கொடுக்க வேண்டாம். குறைந்த எண்ணிக்கையில் புதிதாக அச்சடியுங்கள், நாங்கள் 150 அடித்தோம். நெருங்கிய உறவுகளுக்கும், வயதானவர்களுக்கும், முதல் முறை நேரில் போய் வைத்தவர்களில் முக்கியமானவர்களுக்கும் தட்டோடு மறுபடி போனோம். மற்றவர்களுக்குப் புதுப் பத்திரிகையின் படத்தோடு, "முன்பு அழைத்தபோது நீங்கள் காட்டிய பொறுமைக்கு நன்றி, இப்போது குடும்பத்தோடு வந்து வாழ்த்த வேண்டும்" என்று தனித்தனியாகப் பெயர் போட்டு அனுப்பினோம். ஒரே செய்தியைப் பிராட்காஸ்டில் தள்ளிவிட்டால், முதல் முறை வீட்டுக்கே வந்து அழைத்தவர்கள் இப்போது இப்படி அழைக்கிறார்களே என்று தோன்றும்.

குலதெய்வக் கோயிலில் முதல் பத்திரிகை வைத்த பிறகு, இரண்டாவது பத்திரிகையை எடுத்துக்கொண்டு அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மஞ்சள் பைக்காரர் ஊருக்குத்தான் போனோம். அப்பா இடது கையால் தட்டைப் பிடிக்க முடியாமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவை முதல் நாளே வந்துடறேன்" என்றார். அவருக்கு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் போட்டோம்.